இருபது நாளுக்கு ஒரு நாள்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நாடு முழுக்க ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. அன்றிலிருந்து பேச்சு பெரும்பாலும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வேலைநிறுத்த உரிமை என்றே போகிறது. அவற்றுக்கு நடுவே, மிஷினில் உட்கார்ந்து தைக்கிறவருக்கும் கட்டிங் டேபிளில் நிற்கிறவருக்கும் நாளாகவும் காசாகவும் கைக்கு வந்து சேரக்கூடிய ஒரு பிரிவு இருக்கிறது. அது பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு. சம்பளத்தோடு எடுக்கும் வருட லீவைப் பற்றியது. ஆட்கள் 'இ.எல்.' என்று சொல்வது இதைத்தான்.

பழைய தொழிற்சாலைகள் சட்டப்படி ஒருவர் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் இ.எல். வரும். இனி 180 நாள் போதும். மாற்றத்தின் நடு நரம்பு இவ்வளவுதான். ஆனால் இது ஆட்களிடம் போய்ச் சேருவது ஹெச்.ஆர். ஒட்டுகிற ஒரு தாளின் வழியாக. அந்தத் தாள் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"மேற்படி சட்டத்தின் பிரிவு 32-இன்படி, ஒரு நாட்காட்டி ஆண்டில் நூற்று எண்பது நாட்களுக்குக் குறையாமல் பணிபுரிந்துள்ள பணியாளர் எவரும், அன்னார் பணிபுரிந்த ஒவ்வோர் இருபது நாட்களுக்கும் ஒரு நாள் என்ற விகிதத்தில் ஊதியத்துடன் கூடிய விடுப்புக்குத் தகுதியுடையவராவார் என இதன்மூலம் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் அறிவிக்கப்படுகிறது."

இதில் தவறு எதுவும் இல்லை. சட்டத்தில் இருப்பதுதான் இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நிற்கிறவருக்கு மூன்று கேள்விகள் இருக்கும். எனக்கு இது மாறுகிறதா? எனக்கு எத்தனை நாள் வரும்? அதை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? மூன்றுக்கும் இந்தத் தாளில் பதில் கிடையாது. அதனால் அவர் சூப்பர்வைசரைக் கேட்பார். சூப்பர்வைசர் தனக்குப் புரிந்ததைச் சொல்வார். ஒரு வாரத்துக்குள் கட்டிங்கில் ஒரு கதையும் செக்கிங்கில் வேறு கதையுமாக ஓடும். பிறகு டிசம்பர் மாதக் கணக்கில் ஒவ்வொருவராக டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வருவார்கள்.

திருப்பூரில் பத்து லைன் ஓடுகிற ஒரு பனியன் ஏற்றுமதி ஆலையை மனதில் வைத்துக்கொள்வோம். உள்ளூர்ப் பெண்கள் பாதி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பாதி. டைலர், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங். சிலருக்கு ஷிப்ட் சம்பளம், சிலருக்குப் பீஸ் ரேட். இவர்களுக்கு இந்த மாற்றத்தைச் சொல்லும் நோட்டீஸ் எப்படி இருக்கலாம் என்பதைப் பத்தி பத்தியாகப் பார்க்கலாம். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாநிலச் சட்டம் தனியாக இருப்பதால் இங்கே தொழிற்சாலையோடு நின்றுகொள்கிறேன்.

முதல் பத்தி இது:

"நம் ஆலையில் இ.எல். கணக்கு மாறுகிறது. இதுவரை வருடத்தில் 240 நாள் வேலை செய்தவர்களுக்குத்தான் இ.எல். கிடைத்தது. இனி 180 நாள் வேலை செய்தாலே கிடைக்கும். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு என்பது பழையபடியே இருக்கிறது. சி.எல். மாறவில்லை. பண்டிகை லீவு மாறவில்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களுக்கும் இது உண்டு."

கடைசி மூன்று வாக்கியங்களைப் பல ஹெச்.ஆர். அலுவலகங்கள் தேவையில்லை என்று விட்டுவிடும். எனக்கு அவைதான் இந்தப் பத்தியின் உயிர் என்று தோன்றுகிறது. லீவு விதி மாறுகிறது என்று கேட்டதும் ஆட்கள் முதலில் பயப்படுவது, இருப்பதில் எதையோ எடுக்கப் போகிறார்கள் என்றுதான். எது மாறவில்லை என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் பதற்றம் இல்லாமல் படிப்பார்கள். பீஸ் ரேட் வாக்கியம் வேறு காரணத்துக்காக. தைத்த உருப்படிக்குத்தான் காசு, லீவெல்லாம் ஷிப்ட் ஆட்களுக்கு என்ற எண்ணம் பனியன் கம்பெனிகளில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. சட்டத்தில் அப்படி ஒரு பிரிவினை எப்போதும் இருந்ததில்லை. பழைய சட்டமே பீஸ் ரேட் ஆட்களின் லீவுச் சம்பளத்தை, லீவுக்கு முந்தைய மாதத்தில் அவர்கள் ஈட்டியதன் தினச் சராசரியை வைத்துக் கணக்கிடச் சொன்னது.

அடுத்து எடுத்துக்காட்டுகள். இவற்றில் ஆட்களின் பெயரைப் போடாமல் இருப்பது நல்லது. ஒரு பெயரைப் போட்டால் அந்தப் பெயரில் இருக்கிறவரைத் தேடிப் பிடித்து, உனக்கு மட்டும் எப்படி என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். நிலைமையைச் சொன்னால் போதும். அதில் தன்னைப் பார்த்துக்கொள்வது யாருக்கும் சுலபம்.

"வருடம் முழுக்க வேலைக்கு வருகிறவர்: 2026-இல் 280 நாள் வேலை செய்தால் 280-ஐ 20-ஆல் வகுக்க 14 நாள் இ.எல். பழைய கணக்கிலும் இதே 14 நாள்தான். இவருக்கு நாள் கணக்கில் மாற்றம் இல்லை.

உடம்புக்கு முடியாமலோ ஊருக்குப் போயோ இடையிடையே நின்றவர்: 200 நாள் வேலை செய்தால் 10 நாள் இ.எல். பழைய கணக்கில் 240 நாள் ஆகாததால் ஒரு நாள்கூடக் கிடைத்திருக்காது."

வகுத்தலைத் தாளிலேயே செய்து காட்டுவது முக்கியம். விகிதத்தை மட்டும் சொல்லிவிட்டு மீதியை ஆட்களிடம் விட்டால், 180-ஐத் தாண்டிய பிறகு வேலை செய்த நாளுக்குத்தான் லீவு என்று பலர் புரிந்துகொள்வார்கள். 200 நாள் வேலை செய்தவர், 180 போக மீதி 20, ஆகவே எனக்கு ஒரே ஒரு நாள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். தகுதி வந்துவிட்டால் முதல் நாளிலிருந்தே கணக்கு ஓடும். 200-ஐ 20-ஆல் வகுத்து 10 என்று எழுதிவிட்டால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

மீதி வந்தால் என்ன செய்வது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். 190 நாளுக்கு ஒன்பதரை வருகிறது. பழைய சட்டத்தில் அரை நாளும் அதற்கு மேலும் முழு நாளாக எடுத்துக்கொள்ளப்பட்டது, அதற்குக் குறைந்தால் விடப்பட்டது. அதே வழக்கத்தைத் தொடர்கிறோம் என்று நோட்டீஸில் எழுதினால் டைம் ஆபீஸ் ஜன்னலில் பாதிச் சண்டை குறையும்.

இனி வருவதுதான் மொத்த விஷயத்திலும் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். இ.எல்.லில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று தகுதிக் கணக்கு, 180 ஆகிவிட்டதா என்று பார்ப்பது. இன்னொன்று வரவுக் கணக்கு, எத்தனை நாள் லீவு சேர்ந்தது என்று பார்ப்பது. இரண்டுக்கும் ஒரே நாட்களை எடுத்துக்கொள்வதில்லை. தகுதிக் கணக்கில், வேலை செய்த நாளோடு மூன்று வகை நாட்களையும் சேர்க்கச் சொல்கிறது சட்டம்: கம்பெனி வேலை கொடுக்க முடியாமல் நிறுத்திவைத்த லே-ஆஃப் நாட்கள், பேறுகால விடுப்பு, எடுத்த இ.எல். நாட்கள். வரவுக் கணக்கில் இவை மூன்றும் சேராது. உண்மையில் வேலை செய்த நாளை மட்டுமே 20-ஆல் வகுக்க வேண்டும்.

இதை இப்படிப் பொதுவாகச் சொன்னால் படிக்கிறவருக்கு ஒன்றும் நிற்காது. ஒரு பெண்ணின் வருடத்தை எடுத்துக்கொண்டு நோட்டீஸ் சொல்லட்டும்:

"பேறுகால விடுப்பு எடுத்தவர்: 2026 ஜனவரி, பிப்ரவரியில் 46 நாள் வேலை செய்தார். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 29 வரை 26 வாரம், அதாவது 182 நாள் பேறுகால விடுப்பு. ஆகஸ்ட் 31 திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பி டிசம்பர் வரை 94 நாள் வேலை செய்தார். மொத்தம் வேலை செய்தது 140 நாள். தகுதிக்கு 140-உடன் 182-ஐயும் சேர்க்கிறோம், 322 ஆகிறது. 180-ஐத் தாண்டிவிட்டதால் இவருக்கு இ.எல். உண்டு. எத்தனை நாள் என்பதற்கு வேலை செய்த 140-ஐ மட்டும் 20-ஆல் வகுக்கிறோம். 7 நாள்."

இதே பெண்ணுக்குப் பழைய சட்டத்தில் என்ன கிடைத்திருக்கும் என்று போட்டுப் பார்த்தால் மாற்றத்தின் எடை தெரியும். பேறுகால விடுப்பை 2017-இல் 26 வாரமாக உயர்த்தினார்கள். ஆனால் தொழிற்சாலைகள் சட்டத்தின் இ.எல். பிரிவு, தகுதிக் கணக்கில் 12 வாரத்துக்கு மேல் சேர்க்க இடம் தரவில்லை. 12 வாரம் என்றால் 84 நாள். 140-உடன் 84 சேர்ந்தால் 224. 240-க்குப் பதினாறு நாள் குறைவு. ஆகவே லீவு இல்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு வருகிற முதல் வருடத்தில், தடுப்பூசிக்கும் காய்ச்சலுக்கும் ஒரு நாள் தேவைப்படுகிற அதே வருடத்தில், அவள் கணக்கில் பூஜ்யம் நின்றது. சட்டம் கொடுத்த விடுப்பை எடுத்ததற்காகச் சட்டமே இன்னொரு லீவைப் பறித்தது என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. புதிய பிரிவில் அந்த 12 வார வரம்பு இல்லை. பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஆலையில் நோட்டீஸின் மிக முக்கியமான எடுத்துக்காட்டு இதுதான். இதை மூன்றாவது பக்கத்தில் அடிக்குறிப்பாகப் போடக் கூடாது.

லே-ஆஃப் விஷயம் இன்னும் நுணுக்கமானது. தவறு நடந்தால் வெளியே தெரியாது. ஏற்றுமதி ஆர்டர் தள்ளிப்போகும்போது கம்பெனியிலிருந்து, இரண்டு வாரம் வேலை இல்லை, போன் செய்கிறோம் என்று சொல்வது திருப்பூரில் சாதாரணம். அந்த நாட்களை ஹாஜர் பதிவேட்டில் என்னவென்று குறிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு டைலர் 165 நாள் வேலை செய்திருக்கிறார், 24 நாள் ஆர்டர் இல்லாமல் வீட்டில் இருந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 24 நாளும் லே-ஆஃப் என்று பதிவானால் தகுதிக் கணக்கு 189. அவருக்கு 165-ஐ 20-ஆல் வகுத்து 8 நாள் இ.எல். கிடைக்கும். அதே 24 நாளும் 'ஆப்சென்ட்' என்று பதிவானால் தகுதிக் கணக்கு 165-இலேயே நின்றுவிடும், லீவு இல்லை. நாள் சம்பளம் 600 ரூபாய் என்றால் 4,800 ரூபாய் அந்த ஒரே குறியில் போய்விடுகிறது. கைரேகை மிஷின் யார் வரவில்லை என்பதை மட்டும் பதிவு செய்யும், ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. டைம் ஆபீஸில் இருக்கிற ஒருவர்தான் அதைத் திருத்த வேண்டும். ஆகவே நோட்டீஸில் இப்படி ஒரு வரி வேண்டும்: "வேலை இல்லை என்று கம்பெனி நிறுத்திவைத்த நாட்கள் உங்கள் சம்பளச் சீட்டில் 'லே-ஆஃப்' என்று வரும். 'ஆப்சென்ட்' என்று வந்திருந்தால் அந்த மாதமே டைம் ஆபீஸில் சொல்லுங்கள்."

ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றோடு வீட்டில் இருந்த நாட்கள் சட்டம் சொல்லும் அந்த மூன்று வகைக்குள் வரவில்லை. கம்பெனி விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கவில்லை என்றால் அதையும் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். ஆட்கள் அதைச் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்துவிட்டு டிசம்பரில் ஏமாறுவதைவிட இது மேல்.

வருடத்தின் நடுவில் சேர்ந்தவர்களுக்கு 180 நாள் விதி அப்படியே பொருந்தாது. ஜூலையில் சேர்ந்தவருக்கு 180 நாள் எங்கிருந்து வரும்? அவர்களுக்குச் சட்டம் வேறு அளவு வைத்திருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து டிசம்பர் 31 வரை இருக்கும் மொத்த நாட்களில் கால் பங்கு வேலை செய்திருந்தால் போதும். பழைய சட்டத்தில் இது மூன்றில் இரண்டு பங்காக இருந்தது.

"நடுவில் சேர்ந்தவர்: 2026 ஜூலை 1-இல் சேர்ந்தார். டிசம்பர் 31 வரை 184 நாள். அதில் கால் பங்கு 46. இவர் 100 நாள் வேலை செய்தார், 46-ஐத் தாண்டிவிட்டார். 100-ஐ 20-ஆல் வகுக்க 5 நாள் இ.எல். பழைய கணக்கில் 123 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அதனால் ஒன்றும் கிடைத்திருக்காது."

வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்களில் பலர் இப்படித்தான் நடுவில் சேர்கிறார்கள், இடையில் ஊருக்குப் போய்வருகிறார்கள். இந்த எடுத்துக்காட்டு அவர்களுக்கானது. ஆகவே இந்தப் பகுதியையாவது இந்தியிலும் ஒடியாவிலும் கொடுக்காமல் தமிழில் மட்டும் ஒட்டினால் யாருக்காக எழுதினோமோ அவர்களைத் தவிர மற்றவர்கள் படிப்பார்கள். மொழிபெயர்த்ததை ஒட்டுவதற்கு முன் அந்த மொழி பேசுகிற ஒரு டைலரிடம் கொடுத்து, இதில் உனக்கு எத்தனை நாள் வருகிறது என்று கேட்க வேண்டும். அவர் சரியான எண்ணைச் சொன்னால் ஒட்டலாம்.

தமிழுக்கும் அதே சோதனைதான். செக்கிங்கில் இருக்கிற ஒரு பெண்ணிடம் ஹெச்.ஆர். அலுவலர் வரைவைப் படித்துக் காட்டுகிறார் என்று வையுங்கள்.

"ஏனுங்க சார், போன வருசம் சேந்த லீவத்தான இந்த வருசம் எடுப்போம்? இது எந்த வருசத்துக்குங்க?"

இந்தக் கேள்வி எந்த வரைவிலும் விட்டுப்போகிற ஒன்றைப் பிடித்துவிடும். பழைய சட்டத்தில் ஒரு வருடம் வேலை செய்து சேர்த்த லீவை அடுத்த வருடத்தில்தான் எடுக்க முடியும். புதிய பிரிவு, 180 நாள் வேலை செய்த அந்த வருடத்து லீவைப் பற்றியே பேசுகிறது. அப்படியானால் லீவு எந்தத் தேதியில் அவர் கணக்கில் ஏறும்? ஒவ்வொரு 20 நாளும் முடியும்போதா, 180 ஆனதுமா, ஜனவரி 1-இலா? இதைக் கம்பெனி முடிவு செய்து ஒரு தேதியாக எழுத வேண்டும். 2025-இல் 200 நாள் வேலை செய்தவருக்கு என்ன செய்யப் போகிறோம் என்பதையும் எழுத வேண்டும். சட்டம் அந்த வருடத்தின் கடைசி நாற்பது நாளில்தான் வந்தது. என் கருத்தில், 180 என்ற அளவை அந்த வருடத்துக்கும் பொருத்திக் கொடுத்துவிடுவதே சரி. அந்த வருடம் முடிந்து கணக்குப் பார்க்கிற நாளில் நடைமுறையில் இருந்தது புதிய சட்டம்தான்.

அடுத்தது, எடுக்காமல் மீந்த லீவு. இதில் நோட்டீஸ் இப்படிப் பேசலாம்:

"வருட முடிவில் மீதி இருக்கும் இ.எல்.லில் 30 நாள் வரை அடுத்த வருடத்துக்குப் போகும். 30-க்கு மேல் இருப்பதற்குப் பணம் வாங்கிக்கொள்ளலாம். உதாரணமாக, 2026 தொடக்கத்தில் உங்களிடம் 22 நாள் இருந்தது. வருடத்தில் 14 நாள் சேர்ந்தது. 4 நாள் எடுத்தீர்கள். மீதி 32. இதில் 30 நாள் 2027-க்குப் போகும். 2 நாளுக்குப் பணம் கிடைக்கும். நாள் சம்பளம் 600 என்றால் 1,200 ரூபாய். 30-க்குள் இருக்கும் நாளுக்கும் வருட முடிவில் பணமாகக் கேட்கலாம். கேட்பவர்கள் டிசம்பர் 20-க்குள் டைம் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள்."

30 நாள் வரம்பு பழைய சட்டத்திலும் இருந்தது. ஆனால் வேலையில் இருக்கும்போதே லீவைக் காசாக்கும் உரிமை அதில் இல்லை, கம்பெனி மனது வைத்தால்தான் உண்டு. 30-க்கு மேல் போனது பல இடங்களில் அப்படியே கழிந்து போனது. இப்போது வருட முடிவில் பணமாகக் கேட்பது தொழிலாளியின் உரிமை என்று சட்டமே சொல்கிறது. ஆகவே நோட்டீஸில் 'நிர்வாகம் பரிசீலித்து வழங்கலாம்' என்று ஒரு வரி இருந்தால் அது சட்டத்தைத் தவறாகச் சொல்கிறது. அதை அப்படியே விடாமல் கேட்க வேண்டும். அந்த 600 ரூபாய் எதைச் சேர்த்து வந்தது, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டுமா, வேறு படிகளும் உண்டா என்பதை ஒரு சம்பளச் சீட்டை வைத்துக் காட்டிவிட்டால் இன்னும் நல்லது.

30 நாள் வரம்புக்கு ஒரு விலக்கு இருக்கிறது. லீவு கேட்டு விண்ணப்பித்தும் கம்பெனி கொடுக்க மறுத்திருந்தால், அந்த நாட்களை எந்த வரம்பும் இல்லாமல் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம். பழைய சட்டத்திலும் இது இருந்தது. ஆனால் நடைமுறையில் யாரும் பயன்படுத்தியதாகத் தெரியாது, ஏனென்றால் லீவு மறுப்பு எப்போதும் வாய்மொழியாகத்தான் நடக்கிறது. "ஷிப்மென்ட் இருக்குது, அடுத்த மாசம் பாத்துக்கலாம் போம்மா" என்று சூப்பர்வைசர் சொல்வார். லைனுக்குத் திரும்பிவிடுவார்கள். விண்ணப்பமும் இல்லை, மறுப்பும் இல்லை, காகிதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. இந்த உரிமைக்கு உயிர் வர வேண்டுமானால் நோட்டீஸில் ஒரு நடைமுறை இருக்க வேண்டும். லீவுச் சீட்டு இரண்டு பிரதி. ஒன்றில் டைம் ஆபீஸ் முத்திரை வைத்துத் திருப்பிக் கொடுக்கும். கொடுக்க முடியாவிட்டால் யார், எந்தத் தேதியில் மறுத்தார்கள் என்று அதே சீட்டில் எழுதுவார்கள். லீவு கேட்கிறவர் அந்தப் பிரதியை வைத்துக்கொள்வார். மறுக்கும் அதிகாரம் லைன் சூப்பர்வைசருக்கு இல்லை, தொழிற்சாலை மேலாளருக்கு மட்டும்தான் என்று எழுதிவிட்டால், வாய்மொழி மறுப்புகள் பாதி அங்கேயே நின்றுவிடும்.

லீவுக்கு நடுவிலோ முன்னாலோ பின்னாலோ வரும் விடுமுறை நாளைக் கழிக்கக் கூடாது என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். வெள்ளி முதல் செவ்வாய் வரை ஊருக்குப் போனால், நடுவில் ஞாயிறு விடுமுறை என்பதால் கழிவது நான்கு நாள்தான். இதில் பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் இல்லை. ஆனாலும் மென்பொருளில் இதைத் தவறாகப் போட்டு வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. சீட்டில் ஐந்து என்று கழிந்திருந்தால் காரணம் அதுதான்.

இனி, எழுதக் கூடாத ஒன்று. சட்டம் மாறும் நேரத்தில் சில நிர்வாகங்கள் கூடவே வேறொன்றையும் நுழைக்கப் பார்க்கும். உதாரணமாக ஓர் ஆலையில் ஒப்பந்தப்படி 45 நாள் வரை லீவைச் சேர்த்து வைக்கலாம் என்று இருக்கலாம். புதிய சட்டப்படி 30 என்று எழுதி அதைக் குறைத்துவிடுவது சுலபமாகத் தெரியும். அப்படிச் செய்ய முடியாது. சட்டம் சொல்வது கட்டாயம் கொடுக்க வேண்டிய குறைந்த அளவு. ஒப்பந்தத்தாலோ வழக்கத்தாலோ அதைவிட நல்லது கிடைத்துக்கொண்டிருந்தால் அது தொடரும். கம்பெனி லீவு நிபந்தனையைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற நினைத்தால், தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டப்படி பாதிக்கப்படும் ஆட்களுக்கு முறையான அறிவிப்பு கொடுத்து 21 நாள் பொறுக்க வேண்டும். பழைய தொழில் தகராறுகள் சட்டத்திலும் இதே 21 நாள் இருந்தது. அந்த அறிவிப்பு வேறு காகிதம், வேறு நடைமுறை. சாதகமான மாற்றத்தைச் சொல்லும் தாளின் அடியில் பாதகமான மாற்றத்தை ஒட்டவைப்பது நேர்மை இல்லை. பேசித் தீர்க்க வேண்டியதை மறைத்து வைத்தால் பின்னால் தொழிலாளர் துறை அலுவலகத்தில்தான் போய் முடியும்.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் நோட்டீஸ் மறைக்கக் கூடாது. மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் நிர்வாகப் பணியில் இருப்பவர்களும் இந்தச் சட்டத்தின் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குக் கம்பெனியின் சொந்த விதிதான். காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்களுக்கு இந்த லீவு உண்டு. ஆனால் லீவுக் கணக்கை வைத்திருப்பது காண்ட்ராக்டர். அவர்கள் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று எழுதாவிட்டால் இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் அலைவார்கள்.

வேலையை விட்டுப் போகிறவர்களுக்கான வரிதான் பெரும்பாலான நோட்டீஸ்களில் காணாமல் போகிறது, இருக்கிறவர்களுக்காக எழுதும் தாள் என்ற நினைப்பில். ஆனால் பனியன் தொழிலில் ஆட்கள் கம்பெனி மாறுவது நாள்தோறும் நடக்கிறது. போகிறவர் 180 நாள் முடித்திருக்க வேண்டியதே இல்லை. மார்ச் முடிவில் 60 நாள் வேலை செய்துவிட்டு நின்றாலும் அவருக்கு 3 நாள் லீவுச் சம்பளம் சேர வேண்டும், ஏற்கெனவே சேர்ந்திருந்த மீதியோடு சேர்த்து. தானாக நின்றாலும் கம்பெனி நிறுத்தினாலும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். ஓய்வு பெற்றால் அல்லது இறந்துபோனால் இரண்டு மாதத்துக்குள். இறந்தவரின் லீவுப் பணம் அவருடைய நாமினிக்கோ வாரிசுக்கோ போகும். சேரும்போது கையெழுத்து வாங்கிய நாமினி படிவம் பீரோவில் எங்கோ கிடக்கும். இந்த நோட்டீஸ் ஒட்டுகிற வாரத்திலேயே அதை எடுத்து, கல்யாணம் ஆனவர்கள் மாற்றியிருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டு வைப்பது நல்ல ஹெச்.ஆர். அலுவலர் செய்கிற வேலை.

நோட்டீஸை ஒட்டுவதோடு முடியாது. அந்த வாரச் சனிக்கிழமைச் சம்பளத்தோடு ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு போக வேண்டும். அதில் ஐந்து எண்கள் இருந்தால் போதும்: போன வருட மீதி, இந்த வருடம் வேலை செய்த நாள், தகுதிக்குச் சேர்த்த மற்ற நாள், இதுவரை சேர்ந்த லீவு, எடுத்த லீவு. சீட்டின் அடியில், தவறு இருந்தால் எந்தத் தேதிக்குள் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது. படிக்கத் தெரியாதவர்கள் சிலர் இருப்பார்கள். லைனில் ஒருவர் அவர்களுக்கு வாசித்துச் சொல்ல, ஷிப்ட் நேரத்திலேயே பதினைந்து நிமிடம் ஒதுக்கிக் கொடுத்தால் டீ நேரத்தை இழக்க வேண்டியிருக்காது.